இரவில் அப்லோடு மட்டும் படுத்துவிடுவது ஏன்? ஸ்ப்ளிட்டர் பிரிப்பது வெளிச்சத்தைத்தான்

கேள்வி: "காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். காலையில் அப்லோடு 95 வருகிறது. ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் 12-ஐத் தாண்டுவதில்லை. டவுன்லோடு மட்டும் 85, 90 என்று நன்றாகவே இருக்கிறது. கேபிள்காரரைக் கேட்டால், 'உங்க தெரு ஸ்ப்ளிட்டர் ஃபுல் சார், எட்டு வீடு இருக்கு, வேகம் எட்டாப் பிரியுது' என்கிறார். பக்கத்துத் தெரு பாக்ஸுக்கு லைனை மாற்றிக்கொள்ளலாமா?"

மாற்ற வேண்டாம். மாற்றினாலும் பெரும்பாலும் இதே 12-தான் வரும்.

உங்கள் கேபிள்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் எட்டு வீடு இருக்கலாம். ஆனால் வேகம் அங்கே எட்டாகப் பிரிந்தால் காலையிலும் அப்படித்தானே பிரிய வேண்டும்? எட்டு வீட்டு லைனும் காலையிலும் அதே பெட்டியில்தான் செருகியிருக்கிறது, உங்களுக்கு 95 வருகிறது. டவுன்லோடும் அதே இழை வழியாகத்தான் வருகிறது, அது 90-ல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் அவருடைய விளக்கத்தில் இடமில்லை.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கம்பத்திலோ சுவரிலோ மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால், விரல் நீளம்கூட இல்லாத ஒரு மெல்லிய உலோகக் குழாய் இருக்கும், அதுதான் ஸ்ப்ளிட்டர். ஒரு பக்கம் ஓர் இழை உள்ளே போகிறது, மறுபக்கம் எட்டு இழை வெளியே வருகிறது. கரண்ட் இல்லை, சிப் இல்லை, மெமரி இல்லை. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில், ஒளி போகும் பாதை இரண்டாகக் கிளைத்து, அது நான்காகி, எட்டாகிறது. அவ்வளவுதான். உங்கள் பிளான் 100-ஆ 300-ஆ என்று தெரிந்துகொள்ளும் அறிவு அதற்குக் கிடையாது. வந்த வெளிச்சத்தை எட்டு வீட்டுக்கும் சமமாக மங்கலாக்கி அனுப்புவதுதான் அதன் வேலை.

மங்கலாவது நிஜம். ஒளி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் 3 டெசிபல் குறையும். எட்டாகப் பிரித்தால் கணக்குப்படி 9 டெசிபல், பொருளின் தயாரிப்புக் குறைபாட்டையும் சேர்த்தால் சுமார் பத்தரை. ஆனால் மங்கலான வெளிச்சம் என்றால் மெதுவான நெட் என்று அர்த்தமில்லை. உங்கள் மோடத்தால் படிக்க முடிகிற அளவுக்கு ஒளி இருந்தால் அனுப்பிய அத்தனை பிட்டும் வந்து சேரும். அந்த எல்லைக்குக் கீழே போனால் பிழைகள் வரும், லைன் அறுந்து அறுந்து வரும். இரவு எட்டு மணிக்கு மட்டும் மங்கலாகி, பத்தரைக்குத் திரும்பப் பிரகாசமாகும் ஃபைபர் கிடையாது.

அப்படியானால் வேகத்தைப் பிரிப்பது யார்? இழையின் மறுமுனையில், ஆபரேட்டரின் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓஎல்டி என்கிற பெட்டி. அதில் நான்கு அல்லது எட்டு போர்ட் இருக்கும். பான் போர்ட் என்பார்கள். ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஓர் இழை கிளம்பும். வழியில் எங்காவது ஒரு ஸ்ப்ளிட்டர் அதை எட்டாக்கும், ஒவ்வொரு கிளையும் ஒரு தெருவுக்குப் போய் அங்கே இன்னொரு ஸ்ப்ளிட்டரில் மறுபடி எட்டாகும். எட்டெட்டு அறுபத்து நான்கு. உங்கள் தெருப் பெட்டி இந்த இரண்டாவது வகை. எனவே நீங்கள் பங்கு போட்டுக்கொள்வது ஏழு அண்டை வீட்டாரோடு மட்டுமல்ல, வேறு ஏழு தெருக்களில் இருக்கிற, முகம் தெரியாத 56 வீடுகளோடும்தான். பக்கத்துத் தெருப் பாக்ஸுக்கு மாறுவதில் பயனில்லை என்று சொன்னது இதனால்தான். அதுவும் அதே போர்ட்டின் இன்னொரு கிளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

டவுன்லோடு எப்படி நடக்கிறது என்பது எளிது. ஓஎல்டி ஒரே லேசரில் எல்லா வீட்டுக்கும் உரிய தகவலை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்ப்ளிட்டர் அதை 64 வீட்டுக்கும் நகலெடுத்தாற்போல் கொடுக்கும். அதாவது எதிர்வீட்டுக்காரர் பார்க்கும் படத்தின் பிட்டுகளும் உங்கள் மோடத்தின் வாசல் வரை வருகின்றன! உங்கள் மோடம் தன் எண் போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் வசதி இருக்கிறது, அதை ஓஎல்டியில் இயக்கி வைப்பது ஆபரேட்டரின் பொறுப்பு. பேசுகிறவர் ஒருவர்தான் என்பதால் இந்தத் திசையில் மோதலே இல்லை.

அப்லோடில் கதை தலைகீழ். இப்போது 64 மோடம் பேச வேண்டும், கேட்கிறது ஒரே ஓஎல்டி. எல்லாருடைய ஒளியும் அதே ஸ்ப்ளிட்டர் வழியாகத் திரும்பி அதே ஓர் இழையில் வந்து சேர்கிறது. இரண்டு மோடம் ஒரே நேரத்தில் லேசரைப் போட்டால் இரண்டின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுமே வீண். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் பேசலாம். கேஆர்பி அணை வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். மடை திறந்திருக்கும் நேரத்தில் முழு வாய்க்காலும் ஒருவர் வயலுக்கே பாயும், பிறகு அடுத்தவர் முறை. இங்கும் அதே கதைதான், ஆனால் ஒரு முறை என்பது மைக்ரோ செகண்டுக் கணக்குதான். உங்கள் மோடம் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசுவதே இல்லை. தன் முறை வரும்போது லைனின் முழு வேகத்தில் பேசிவிட்டு லேசரை அணைத்துக் காத்திருக்கும். ஒரு நொடியில் உங்களுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதுதான் ஸ்பீடு டெஸ்டில் 95 என்றும் 12 என்றும் தெரிகிறது.

இந்த முறையை யார் எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒளி ஃபைபரில் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ செகண்ட் ஆகும். கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு வீடு ஒரு கிலோமீட்டரிலும் இன்னொன்று ஆறு கிலோமீட்டரிலும் இருந்தால், ஓஎல்டி இருவருக்கும் "இப்போது பேசு" என்று சொன்னாலும் பதில்கள் வெவ்வேறு நேரத்தில் வரும். அதனால் மோடம் புதிதாக லைனில் சேரும்போதே ஓஎல்டி அதன் தூரத்தை அளந்து அதற்கேற்ப நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அப்புறம் ஒவ்வொரு மோடமும் தன்னிடம் அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகள் எவ்வளவு என்று அவ்வப்போது சொல்லும். ஓஎல்டி எல்லாருடைய கோரிக்கையையும் பார்த்து, யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் என்று பங்கிட்டு அனுப்பும். ஜிபான் என்ற ஃபைபர் தொழில்நுட்ப வகையில் நொடிக்கு 8,000 முறை இந்தப் பங்கீட்டுப் பட்டியல் கீழே போகிறது.

பங்கிடும்போது ஓஎல்டி மூன்று விதமாகக் கொடுக்கலாம். முதலாவது, ஃபிக்ஸட். இந்த வாடிக்கையாளருக்கு இவ்வளவு நேரம் என்று ஒதுக்கிவிடுவது. அவர் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரம் அவருடையது, வேறு யாருக்கும் போகாது. இரண்டாவது, அசூர்டு. கேட்டால் நிச்சயம் கிடைக்கும், கேட்காவிட்டால் மற்றவர்களுக்குப் போகும். மூன்றாவது, மீதி இருந்தால் தருவது. வீட்டு பிளான்களில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகைதான். உங்கள் பிளானில் எழுதியிருக்கும் 100 என்பது உச்சவரம்பு. உங்களுக்கென்று எடுத்து வைத்த பங்கு அல்ல.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு ஆபரேட்டர்கள் பலர் இன்னும் ஈபான் என்ற வகையையே வைத்திருக்கிறார்கள், விலை குறைவு என்பதால். அதில் மேலே போகவும் கீழே வரவும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 1 ஜிபிபிஎஸ். மேலே போகும் திசையில் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு லேசர் அணைந்து அடுத்தது எரிந்து நிலைக்க இடைவெளி விட வேண்டும். 64 மோடம் மாறி மாறிப் பேசும்போது இந்த இடைவெளிகளும் மற்றச் செலவுகளும் சேர்ந்து ஒரு பகுதியைத் தின்றுவிடும். கைக்கு வருவது 850 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 64 இணைப்பில் நான்கு வணிக இணைப்புகள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு நிதி நிறுவனம், ஒரு மாங்கூழ் தொழிற்சாலை அலுவலகம், ஒரு மருத்துவமனை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். "லீஸ்டு லைன் மாதிரி கேரண்டி" என்று சொல்லி விற்றிருப்பார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் 100 ஃபிக்ஸடாகப் போட்டிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் 400 போயிற்று. மிச்சம் 450.

மற்ற 60 வீட்டில் இரவில் என்ன நடக்கிறது? பெங்களூரில் இருக்கும் மகன் ஊர் வீட்டுக் கேமராவை ஆப்பில் திறந்து பார்க்கிறார். டிவிஆர் பெட்டி பகல் முழுக்க உள்ளுக்குள்ளேயே பதிவு செய்துகொண்டு சும்மா இருந்திருக்கும், அவர் திறந்ததும் ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் வீதம் மேலே போகத் தொடங்கும். ஓசூர் கம்பெனியில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கு வந்து மீட்டிங்கில் உட்காருகிறார். வெளிநாட்டில் இருப்பவர்களுடன் வீடியோ கால். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னதுதான், ஆனால் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். மொத்தமாக 200 என்று வைப்போம். மிச்சம் 250.

இதற்கு மேல் வருபவைதான் பசியுள்ள அப்லோடுகள். பகலெல்லாம் மொபைல் டேட்டாவில் இருந்த போன்கள் வீட்டு வைஃபையைக் கண்டதும் அன்றைய போட்டோ, வீடியோக்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். கல்யாண சீசனில் ஒரு ஸ்டுடியோக்காரர் ஆல்பம் வேலைக்கு நூற்றுக்கணக்கான படங்களை அனுப்புவார். இந்த வகைக்கு இவ்வளவு போதும் என்று ஒன்று கிடையாது, எவ்வளவு கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரே சமயத்தில் 20 வீடு இருந்தால் 250-ஐ இருபதால் வகுத்தால் பன்னிரண்டரை. நீங்கள் சொன்ன 12 இதுதான். காலையில் அதே லைனில் அப்படி இரண்டு பேர்தான் இருப்பார்கள், ஆளுக்கு 100 என்ற உச்சவரம்பு வரை தாராளமாகக் கிடைக்கும்.

இது படிப்படியாக இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இறங்காது, ஒரு எல்லை வரை ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டுச் சட்டென்று விழும். 1 ஜிபி வீடியோவை 95-ல் அனுப்பினால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்தவர் தொடங்கும்போது முதலாமவர் முடித்துப் போயிருப்பார், இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். கொஞ்சம் நெரிசல் வந்து வேகம் 30 ஆனால் அதே வீடியோவுக்கு நாலரை நிமிடம். அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிடுகிறார்கள், வேகம் மேலும் குறைகிறது. 12-க்கு வரும்போது பதினோரு நிமிடம். ஒருவர் மெதுவாவதே மற்றவர்களோடு அவர் மோதுவதற்குக் காரணமாகிறது. அதனால்தான் ஏழே முக்காலுக்கு டெஸ்ட் போட்டவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார், எட்டே காலுக்குப் போட்டவர் சண்டைக்குப் போவார். இருவர் சொல்வதும் சரிதான்.

சரி, டவுன்லோடு எப்படித் தப்பித்தது? கீழ்வரும் திசையில் முறை ஒதுக்கீடே கிடையாது என்பதால், பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்துக்காக ஒரு மைக்ரோ செகண்டும் வீணாகாது. நாற்பது வீட்டில் ஆளுக்கு 8 எம்பிபிஎஸ் வீதம் படம் ஓடினாலும் 320-தான். மீதியில் உங்கள் 90-க்கு இடமிருக்கிறது. டவுன்லோடு செய்யும்போது "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன ஒப்புகைகளுக்கும் அப்லோடில் இடம் வேண்டும், ஆனால் 90-க்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் போதும். உங்களுக்கு 12 இருக்கிறது. அதே அப்லோடு 1-க்கு இறங்கினால் டவுன்லோடும் கூடவே இறங்கும், அப்போது "மொத்த நெட்டே போச்சு" என்று தோன்றும்.

உங்கள் லைன் ஜிபானாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் கீழே 2.488 ஜிபிபிஎஸ், மேலே 1.244. அப்லோடு பிறவியிலேயே டவுன்லோடில் பாதி. கைக்கு வருவது சுமார் 1,100 என்று வைத்தால், மேலே போட்ட அதே கணக்கில் மிச்சம் 500, ஆளுக்கு 25. எது உங்களுடையது என்று மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தெரியும். EPON, GPON என்று போட்டிருக்கும். XPON என்றிருந்தால் இரண்டிலும் ஓடும் மோடம், ஆபரேட்டரைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு சாத்தியம்தான். உங்கள் வீட்டிலும் அதுதானா என்று பார்க்காமல் ஆபரேட்டரிடம் போகாதீர்கள். இரவு எட்டரைக்கு, லேப்டாப்பை மோடத்தின் லேன் போர்ட்டில் ஒயரால் செருகுங்கள். வைஃபையை முழுதாக அணைத்துவிடுங்கள், டிவிஆரின் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். இப்போது டெஸ்ட் போடுங்கள். 95 வந்தால் பிரச்சினை தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான். சொந்தப் போன்கள் நான்கும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் 100 அதிலேயே முடிந்துவிடும். என் அனுபவத்தில் "இரவில் அப்லோடு இல்லை" என்று வரும் புகார்களில் பல இந்த இடத்திலேயே முடிந்துபோகின்றன.

ஒயரிலும் 12-தான் என்றால் அடுத்தது பிங், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. விண்டோஸில் இதைக் கொடுங்கள்:

```
tracert -d 8.8.8.8
ping -n 200 100.64.0.1
```

முதல் கட்டளையில் வரும் முதல் வரி உங்கள் மோடம், இரண்டாவது வரியில் வரும் முகவரி ஆபரேட்டரின் வாசல். பிங் கட்டளையில் நான் எழுதியிருக்கும் முகவரிக்குப் பதில் அந்த இரண்டாவது வரி முகவரியைப் போடுங்கள். அது பதில் தராவிட்டால் மூன்றாவது வரி. வீட்டில் வேறு யாரும் எதையும் பயன்படுத்தாதபோது, காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. காலையில் 2, 3 மில்லிசெகண்ட் என்று ஒரே சீராக வந்து, இரவில் 5, 38, 12, 60 என்று தாறுமாறாகக் குதித்தால், உங்கள் மோடம் தன் முறைக்காகக் காத்துக் கிடக்கிறது என்று பொருள். இரவிலும் 3-லேயே நின்று, அப்லோடு மட்டும் 12 என்றால், சின்ன அளவுக்கு அசூர்டு பங்கு கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் கிடைப்பதுதான் சுருங்குகிறது. பிங் அந்தப் பங்குக்குள் அடங்கிவிடுகிறது, பெரிய ஃபைல் அடங்குவதில்லை.

ஓஎல்டியைத் தாண்டி வெளியே போகும் லைன் நிறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அந்த லைன்கள் பொதுவாக இரு திசையிலும் ஒரே அளவு, வீட்டு வாடிக்கையாளர்கள் அனுப்புவதைவிட இறக்குவதே அதிகம், எனவே அது நிறைந்தால் முதலில் அடிபடுவது டவுன்லோடு. உங்களுக்கு டவுன்லோடு 90-ல் நிற்பதால் அந்தச் சந்தேகத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

கூடவே ஒன்றைப் பார்த்து வையுங்கள். பிரவுசரில் திறக்கும் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில், பெரும்பாலும் 192.168.1.1-ல், Rx Power என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் இடையில் இருந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறது, கனெக்டரைத் துடைக்கவோ ஜாயிண்டை மறுபடி அடிக்கவோ சொல்லுங்கள். ஆனால் இந்த எண் உங்களுக்கு வரும் ஒளியின் அளவுதான். உங்கள் மோடத்தின் ஒளி ஓஎல்டிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை ஆபரேட்டரால் மட்டுமே பார்க்க முடியும். ஸ்ப்ளிட்டரில் மேலே போகும் ஒளியும் அதே அளவு குறைகிறது. எட்டு இழை ஒன்றாகச் சேர்வதால் குறையாது என்று டெக்னீஷியன்களே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது தவறு.

நெரிசலே இல்லாமல் இரவில் அப்லோடு விழும் ஒரு கோளாறும் உண்டு. ஏதோ ஒரு வீட்டு மோடம் பழுதாகி, தன் முறை முடிந்த பிறகும் லேசரை அணைக்காமல் இருக்கும். வீட்டு மோடத்துக்கு ஓஎன்யூ என்று பெயர், இப்படிப் பழுதானதை ரோக் ஓஎன்யூ என்பார்கள். அடுத்தவர் பேசும்போது இதன் ஒளியும் சேர்ந்து விழுவதால் அந்தப் போர்ட்டில் இருக்கும் எல்லாருடைய அப்லோடும் பிழையாகும். டவுன்லோடுக்கு ஒன்றும் ஆகாது. அந்த மோடம் இருக்கும் வீட்டில் பகலில் ஆளில்லாமல், மாலை வந்து சுவிட்சைப் போடுகிறார்கள் என்றால், உங்கள் பார்வைக்கு அது அச்சு அசலாக இரவு நெரிசல் மாதிரியே இருக்கும்! வேறுபாடு ஒன்றுதான். நெரிசலில் ஓஎல்டியின் அப்ஸ்ட்ரீம், அதாவது அப்லோடு திசை, கிராஃப் உச்சியைத் தொட்டு நிற்கும், பிழை எண்ணிக்கை சாதாரணமாக இருக்கும். ரோக் மோடத்தில் கிராஃப் பாதியில் கிடக்கும், பிழைகள் எகிறும், சில மோடங்கள் லைனிலிருந்து விழுந்து விழுந்து எழும். ஒவ்வொரு மோடமாக அணைத்துப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலை, அதனாலேயே தள்ளிப் போடுவார்கள்.

ஆகவே ஆபரேட்டரிடம் போகும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். அதற்கு மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார், அதோடு முடிந்தது. என் ஓஎன்யூ எந்தப் பான் போர்ட்டில் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் மொத்தம் எத்தனை இணைப்பு, நேற்று இரவு எட்டிலிருந்து பத்தரை வரை அதன் அப்ஸ்ட்ரீம் எவ்வளவு போயிருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு ஃபிக்ஸட் போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எல்லாம் அவருடைய ஓஎல்டி திரையிலேயே இருப்பவை. ஒயரில் எடுத்த இரண்டு டெஸ்ட், இரண்டு பிங் படங்களையும் காட்டுங்கள்.

அவர் செய்யக்கூடியதில் செலவில்லாதது, அந்த நான்கு ஃபிக்ஸட் இணைப்பையும் அசூர்டாக மாற்றுவது. பள்ளிக்கூடத்துக்குக் கேட்கும்போது 100 கிடைக்கும், கேட்காதபோது அந்த 400-ம் தெருவுக்குத் திரும்பும். மேலே போட்ட கணக்கில் 250 என்பது 650 ஆகும், இருபது பேருக்கு ஆளுக்கு 32. வேகம் கூடியதும் ஒவ்வொருவரும் சீக்கிரம் முடித்துவிட்டுப் போவதால் இருபது பேர் பத்தாகக் குறைவார்கள், உங்களுக்கு 60-க்கு மேலேயே வரலாம். உட்கார்ந்த இடத்திலேயே சில நிமிடங்களில் முடிகிற வேலை இது. ஆனால் குரல் அழைப்புக்கென்று ஃபிக்ஸட் வாங்கியிருக்கும் வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அவரை மட்டும் விட்டுவைக்க வேண்டும். கேட்டுக் காத்திருக்கும் தாமதம் அங்கே காதில் தெரியும்.

அடுத்தது, ஓஎல்டியில் காலி போர்ட் இருந்தால் உங்கள் எட்டுத் தெருவில் நான்கை அதற்கு மாற்றுவது. கண்ட்ரோல் ரூமிலிருந்து முதல் ஸ்ப்ளிட்டர் வரை இன்னோர் இழை வேண்டும். கேபிளில் பயன்படுத்தாத இழைகள் பெரும்பாலும் இருக்கும், ஜாயிண்ட் அடிக்கிற செலவுதான். உங்களுக்கு லைனை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படி வேறு போர்ட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், வேறு பாக்ஸுக்கு அல்ல.

எக்ஸ்ஜிஎஸ்-பான் என்று 10 ஜிபிபிஎஸ் இரு திசையிலும் தரும் வகையும் இருக்கிறது. அது வேறு அலைநீளங்களில் ஓடுவதால் இதே இழையில், இதே ஸ்ப்ளிட்டரில், பழைய ஜிபானோடு கூடவே ஓடும். ஃபுல் என்று சொல்லப்பட்ட அதே கண்ணாடித் துண்டு அப்போது பல மடங்கு சுமக்கும். ஓஎல்டி கார்டும் வீட்டு மோடமும் விலை அதிகம் என்பதால் சிறு ஆபரேட்டரிடம் இதை இப்போது எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் எதையாவது செய்யும் வரை, டிவிஆரில் மொபைலில் பார்ப்பதற்கான ஸ்ட்ரீமை, தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். 2 எம்பிபிஎஸ் போகும் கேமரா அதில் அரையில் அடங்கிவிடும். போன் பேக்கப்பை இரவு எட்டரைக்கு நிறுத்தி வைத்துவிட்டுப் பதினொன்றுக்கு மேல் சார்ஜில் போட்டு விடுங்கள். 12-ல் இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்கும் 2 ஜிபி, அந்த நேரத்தில் மூன்று நிமிடத்தில் போய்விடும்.